மூளைத்தண்டின் குறுக்குவெட்டு: எந்த நரம்பின் நியூக்ளியஸ் எங்கே இருக்கிறது

முதலாமாண்டு ஸ்பாட்டர் தேர்வில் எனக்கு வந்தது முகுளத்தின் கீழ்ப்பகுதி ஸ்லைடு. கீழே இரண்டு மேடு, மேலே இரண்டு மேடு. நான் ஸ்லைடைத் தலைகீழாகப் பார்த்துவிட்டு, வயிற்றுப்பக்கத்துப் பிரமிடுகளை முதுகுப்பக்கத்துக் கிராசைல் மேடு என்று எழுதிவைத்தேன். தாளைப் பார்த்த ஆசிரியர், "மீனை வாங்குறவன்கூட வயிறு எது முதுகு எதுன்னு பாத்துட்டுதான் வாங்குவான்" என்றார். வீடு பழைய வண்ணாரப்பேட்டை, காசிமேட்டு மீன்தான் எங்களுக்குச் சாப்பாடு. அதனால் அந்த வார்த்தை அப்படியே ஒட்டிக்கொண்டது. இப்போது ஜூனியர்களுக்கு மூளைத்தண்டு சொல்லிக்கொடுக்கும்போதும் மீனில்தான் தொடங்குகிறேன்.

மாணவர்கள் இதை ஏழெட்டுப் படங்களாக மனப்பாடம் செய்கிறார்கள். அது இரண்டு வாரத்தில் மறந்துவிடும். உண்மையில் ஒரே ஒரு அமைப்புதான் இருக்கிறது. அது நடுமூளை, பான்ஸ், முகுளம் என்ற மூன்று மட்டங்களில் மூன்று உருவத்தில் தெரிகிறது, அவ்வளவுதான். ஒரு வெள்ளைத்தாளும் இரண்டு நிறப் பென்சிலும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் வயிறும் முதுகும்

பாடநூல் ஸ்லைடுகளில் பெரும்பாலும் முதுகுப்பக்கம் மேலே இருக்கும். எம்.ஆர்.ஐ. படத்தில் இது தலைகீழ்: நோயாளி மல்லாந்து படுத்திருப்பதால் வயிற்றுப்பக்கம் மேலே வரும். அதோடு, நோயாளியின் கால்மாட்டில் நின்று பார்ப்பதுபோல அந்தப் படம் அமைவதால், நோயாளியின் இடப்பக்கம் திரையின் வலப்பக்கத்தில் விழும். ஸ்லைடில் நன்றாகப் படித்தவர்கள் ஸ்கேனில் தடுமாறுவது பெரும்பாலும் இதனால்தான்.

இன்னொன்று நிறம். வழக்கமான வைகர்ட் சாயத்தில் மயலின் உறை கறுப்பாகும். ஆகவே நரம்பு இழைக்கட்டுகள் கறுப்பு, செல்கள் கூடியிருக்கும் நியூக்ளியஸ்கள் வெளிறிய திட்டுகள். நியூக்ளியஸைத் தேடிக் கறுப்பில் கண்ணை ஓட்டினால் கிடைக்காது.

அடுத்து ஓட்டை

எந்த வெட்டு கையில் வந்தாலும் முதலில் தேட வேண்டியது நடுவில் இருக்கும் திரவக் குழி. சின்ன வட்டமோ முக்கோணமோ ஆன ஓட்டை, அதற்கு முதுகுப்பக்கம் கனமான கூரை, வயிற்றுப்பக்கம் இரண்டு பருத்த தூண்கள் என்று இருந்தால் அது நடுமூளை. அந்த ஓட்டையின் பெயர் மூளை நாளம். அகலமான கூடாரம் போன்ற குழியும் வயிற்றுப்பக்கம் குறுக்கே ஓடும் இழைகளால் வீங்கிய பெரிய வயிறும் இருந்தால் பான்ஸ். அகலமான குழி இருந்து, வயிற்றுப்பக்கம் இரண்டு பிரமிடுகளும், அவற்றின் இருபுறமும் சுருக்குப்பை போல மடிந்த ஆலிவும் தெரிந்தால் முகுளத்தின் மேல்பாதி. குழி மறுபடி சின்னத் துளையாகிவிட்டால் முகுளத்தின் கீழ்பாதி.

நடுமூளை, பான்ஸ், முகுளம் மூன்றும் சேர்ந்தே ஏழெட்டு சென்டிமீட்டர்தான், கட்டைவிரல் நீளத்துக்குச் சற்றே கூடுதல். அதற்குள் குழி மூடி, திறந்து, மறுபடி மூடுகிறது. நியூக்ளியஸ்களின் இருப்பிடம் முழுவதையும் தீர்மானிப்பது இந்தத் திறப்புதான்.

முதுகைக் கீறிய மீன்

கருவாட்டுக்காகப் பெரிய மீனை முதுகில் கீறி விரித்துக் காயவைப்பதைப் பார்த்திருப்பீர்கள். முழு மீனில் முதுகு மேலே, வயிறு கீழே. விரித்துவிட்டால் முதுகாக இருந்த சதை இரண்டு ஓரங்களுக்குப் போய்விடும், வயிற்றுப்பக்கம் நடுவில் நிற்கும்.

கருவில் நரம்புக்குழாய் இருக்கும் நிலையும் அதுதான். குழாயின் முதுகுப்பாதி உணர்வுக்கு, வயிற்றுப்பாதி இயக்கத்துக்கு. தண்டுவடத்தில் கடைசிவரை அப்படியே இருக்கிறது. நான்காவது வென்ட்ரிக்கிள் என்ற அந்த அகலமான குழி இருக்கும் இடத்தில், அதாவது பான்ஸிலும் முகுளத்தின் மேல்பாதியிலும், குழாய் முதுகில் பிளந்து விரிகிறது. அதனால் உணர்வு ஓரத்துக்கும் இயக்கம் நடுவுக்கும் வந்துவிடுகின்றன. இரண்டுக்கும் எல்லையாக வென்ட்ரிக்கிளின் தரையில் ஒரு பள்ளம் ஓடுகிறது. அதன் பெயர் சல்கஸ் லிமிட்டான்ஸ். பென்சிலை எடுத்து, தரையில் நடுக்கோட்டுக்கும் ஓரத்துக்கும் இடையே ஒரு சின்னக் குழி போடுங்கள். உள்ளே ஒரு நிறம், வெளியே இன்னொரு நிறம்.

நடுக்கோட்டிலிருந்து ஓரத்துக்கு வரிசை இப்படிப் போகும்: முதலில் கண்ணையும் நாக்கையும் அசைக்கும் நியூக்ளியஸ்கள். அடுத்து சுரப்பி, குடல், இதயம் போன்ற உள்ளுறுப்புகளுக்குக் கட்டளை அனுப்புபவை. அப்புறம் பள்ளம். பள்ளத்தைத் தாண்டியதும் உள்ளுறுப்பு உணர்வும் சுவையும். கடைசியாக ஓரத்தில் முகத்தோல் உணர்வு, சமநிலை, கேட்டல்.

இதில் சேராமல் ஒரு கூட்டம் உண்டு. மெல்லுதல், முகபாவம், விழுங்குதல், குரல் இவற்றுக்கான தசைகள் கருவின் செவுள் வளைவுகளிலிருந்து வந்தவை. அவற்றின் இயக்க நியூக்ளியஸ்கள் தரையை விட்டு இறங்கி, வயிற்றுப்பக்கமாகவும் ஓரமாகவும் நகர்ந்து உட்கார்ந்துவிட்டன. 5-ஆவது கபால நரம்பின் இயக்க நியூக்ளியஸ், 7-இன் இயக்க நியூக்ளியஸ், 9-உம் 10-உம் பங்குபோடும் நியூக்ளியஸ் அம்பிகுவஸ் ஆகிய மூன்றும் அப்படிப்பட்டவை. 'இயக்கம் என்றால் நடுவில்' என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்பவர்கள் மாட்டுவது இங்கேதான்.

நடுக்கோட்டை ஒட்டி நிற்பவை எவை என்று நினைவில் வைக்க ஒரு பழைய கணக்கு இருக்கிறது. 12-ஐ மீதியில்லாமல் வகுக்கும் எண்கள்: 3, 4, 6, 12. (1-உம் 2-உம் வகுக்கும், ஆனால் அவை மூளைத்தண்டுக்குள் வருவதில்லை.) மட்டத்தை நினைவில் வைப்பதும் எளிது: 3, 4 நடுமூளை, 5 முதல் 8 வரை பான்ஸ், 9 முதல் 12 வரை முகுளம். ஆனால் நரம்புகள் தங்கள் மட்டத்துக்குள்ளேயே அடங்கி இருப்பதில்லை. 5-இன் உணர்வு நியூக்ளியஸ் நடுமூளையில் தொடங்கி மேல்கழுத்துத் தண்டுவடம் வரை நீண்ட தூண். 8-இன் வெஸ்டிபுலார் நியூக்ளியஸ்கள் பான்ஸிலும் முகுளத்திலும் பரந்து கிடக்கின்றன. 11-ஆவதின் கழுத்துத் தசைப்பகுதி தண்டுவடத்திலிருந்தே வருகிறது.

நடுமூளை: கீறாத மீன்

இங்கே குழாய் விரியவில்லை. ஆகவே உணர்வுப்பக்கம் இன்னும் முதுகில், கூரையாகவே நிற்கிறது. இயக்க நியூக்ளியஸ்கள் நாளத்துக்கு வயிற்றுப்பக்கம், நடுக்கோட்டை ஒட்டி.

சிவப்பு நியூக்ளியஸ் என்ற இரண்டு வட்டங்கள் தெரிந்தால் அது மேல்மட்டம். அங்கே 3-ஆவது. அதன் முதுகுப்பக்கம் கண்மணியைச் சுருக்கும் எடிங்கர்-வெஸ்ட்ஃபால் நியூக்ளியஸ். 3-இன் இழைகள் சிவப்பு நியூக்ளியஸை ஊடுருவி, இரண்டு தூண்களுக்கும் இடையிலான பள்ளத்தில் வெளியேறுகின்றன. தூணுக்குள் போவது கைகால் இயக்கப் பாதை. ஒரே பக்கம் கண் மூடிக்கொண்டு, எதிர்ப்பக்கம் கைகால் விழுந்தால், இழை தூணைக் கடக்கும் அந்த இடத்தில் விரலை வையுங்கள்.

சிவப்பு வட்டங்கள் இல்லாமல், நடுவில் இழைகள் குறுக்கே பின்னிக்கொண்டிருந்தால் அது கீழ்மட்டம். அங்கே 4-ஆவது. இந்த நரம்பு மட்டும் முதுகுப்பக்கம் வெளியேறுகிறது, அதுவும் எதிர்ப்பக்கம் தாண்டிப் போய். இடது நியூக்ளியஸ் கெட்டால் வலது கண்ணின் மேல் சாய்தசை செயலிழக்கும். நடுமூளைக்கு இவ்வளவு போதும்.

பான்ஸ்: முடிச்சு எங்கே

பான்ஸின் வயிற்றுப்பக்கத்துப் பெரிய வீக்கத்தில் கபால நரம்பு நியூக்ளியஸ் எதுவும் கிடையாது. எல்லாம் முதுகுப்பக்கத்து மெல்லிய பட்டையில்தான். நடு பான்ஸில் 5-இன் இயக்கமும் தொடு உணர்வும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். இயக்கம் உள்பக்கம், உணர்வு வெளிப்பக்கம்.

நேரம் செலவழிக்க வேண்டியது கீழ் பான்ஸில். வென்ட்ரிக்கிள் தரையில் நடுக்கோட்டின் இருபுறமும் ஒரு சின்னப் புடைப்பு தெரியும். அதன் பெயர் முக மேடு. பெயரை நம்பி அதற்குள் 7-ஆவது நியூக்ளியஸ் இருப்பதாக எழுதினால் மதிப்பெண் போய்விடும். உள்ளே இருப்பது 6-ஆவது நியூக்ளியஸ். 7-இன் இயக்க நியூக்ளியஸ் ஆழத்தில், ஓரமாக இருக்கிறது. அதன் இழைகள் நேராக வெளியே போகாமல், முதுகுப்பக்கம் ஏறி, 6-ஆவதை உள்பக்கத்திலிருந்து சுற்றி வளைந்து, அப்புறம்தான் ஓரமாக இறங்கி வெளியேறுகின்றன. கோயிலில் மூலவரைச் சுற்றிவிட்டு வாசலுக்கு வருவதுபோல. அந்தச் சுற்றுதான் மேட்டின் புடைப்பு.

தாளில் இதை ஒருமுறை வரைந்துவிட்டால், அந்த மேட்டில் ஒரு சின்னப் புண் என்ன செய்யும் என்று நீங்களே சொல்லிவிடலாம். அதே பக்கம் முகம் முழுக்க, நெற்றி உட்பட, கோணும். கண் விஷயம் கொஞ்சம் நுணுக்கமானது. 6-ஆவது நரம்பு வெளியே எங்காவது கெட்டால், அதே பக்கக் கண் மட்டும் வெளிநோக்கிப் போகாது. ஆனால் நியூக்ளியஸே கெட்டால் இரண்டு கண்ணுமே அந்தப் பக்கம் பார்க்காது. காரணம், 6-ஆவது நியூக்ளியஸில் இரண்டு வகைச் செல்கள் இருக்கின்றன. ஒன்று தசைக்குப் போகிறது. இன்னொன்று நடுக்கோட்டைத் தாண்டி, எதிர்ப்பக்க மீடியல் லாஞ்சிட்யூடினல் ஃபாசிகுலஸ் என்ற கட்டு வழியாக நடுமூளையின் 3-ஆவது நியூக்ளியஸுக்கு ஏறி, மற்றக் கண்ணையும் கூடவே திருப்பச் சொல்கிறது. ஆகவே 'நரம்பா, நியூக்ளியஸா' என்ற கேள்விக்கு விடை மற்றக் கண்ணில் இருக்கிறது.

முகுளத்தின் மேல்பாதி: முழு வரிசையும் தெரியும் இடம்

மீன் நன்றாக விரிந்து கிடப்பது இங்கே. ஒரு மட்டத்தை மட்டும் வரையச் சொன்னால் இதைத்தான் வரைவேன்.

தரையில் நடுக்கோட்டை ஒட்டி 12-ஆவது, நாக்கை அசைப்பது. அதற்கு வெளியே வேகஸின் முதுகுப்பக்க நியூக்ளியஸ். பள்ளம். அதைத் தாண்டியதும் ஸ்லைடில் சுலபமாகப் பிடிபடும் ஓர் அடையாளம்: வெளிறிய வளையம் ஒன்று, நடுவில் கறுப்புப் பொட்டு. கறுப்பு சாலிட்டரி பாதை, சுற்றியிருக்கும் வெளிறல் அதன் நியூக்ளியஸ். 7, 9, 10 மூன்றும் கொண்டுவரும் சுவை இதன் மேல்பகுதியில் இறங்குகிறது. அதற்கு வெளியே, ஓரத்தில், வெஸ்டிபுலார் நியூக்ளியஸ்கள்.

இனித் தரையை விட்டு ஆழத்துக்கு வாருங்கள். ஓரத்தில், சிறுமூளைக்குப் போகும் தடித்த கட்டுக்கு அருகே, 5-இன் கீழ்நீளும் நியூக்ளியஸ். அதன் வெளிப்பக்கம் கறுப்புப் பிறைபோல் அதன் பாதை. முகத்தின் வலியும் சூடு-குளிர்ச்சியும் இதில்தான் இறங்கி வருகின்றன. ஆலிவுக்குப் பின்னால் நியூக்ளியஸ் அம்பிகுவஸ். ஸ்லைடில் இதைத் தேடித் தலையை உடைத்துக்கொள்ளாதீர்கள். செல்கள் சிதறிக் கிடப்பதால் தெளிவாகத் தெரியாது, இடம் தெரிந்து புள்ளி வைத்தால் போதும்.

கடைசியாகப் பாதைகள். நடுக்கோட்டில் மேலிருந்து கீழ்வரை ஒரு நிற்கும் பட்டை: வயிற்றுப்பக்கம் பிரமிடு, அதாவது இயக்கம், அதன் பின்னால் மீடியல் லெம்னிஸ்கஸ், அதாவது மூட்டு நிலை, அதிர்வு. ஓரத்தில், ஆலிவுக்குப் பின்னால், எதிர்ப்பக்க உடலின் வலியையும் சூட்டையும் சுமக்கும் ஸ்பைனோதலாமிக் பாதை. அதன் அருகே கண்ணுக்குப் போகும் சிம்பதெட்டிக் இழைகள். 12-ஆவது நரம்பு பிரமிடுக்கும் ஆலிவுக்கும் நடுவே வெளியேறும். 9-உம் 10-உம் ஆலிவுக்குப் பின்னால்.

கீழ்பாதியில் குழி மூடிவிடும். முதுகில் கிராசைல், கியூனியேட் மேடுகள் வரும், நடுவில் இழைகள் குறுக்கே பின்னும். 12-உம் 10-உம் சின்னத் துளையை ஒட்டி இன்னும் கொஞ்ச தூரம் தொடரும். என்னை ஏமாற்றிய ஸ்லைடு இதுதான்.

ஒரு நோயாளியைத் தாளில் வைத்துப் பார்ப்போம்

பாடத்துக்காக நான் கட்டிய கற்பனை ஆள். ராயபுரத்தில் வலை பின்னுபவர், வயது 56, பல வருடமாகச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும். விடிகாலை எழுந்ததும் உலகமே சுற்றுகிறது, வாந்தி. நடந்தால் இடப்பக்கம் சாய்கிறார். டீ குடித்தால் மூக்கு வழியாக வருகிறது. குரல் கரகரக்கிறது, விக்கல் நிற்கவில்லை. "கேஸ் ட்ரபிள்தான், சோடா குடிச்சா சரியாகும்" என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். கைகால் பலமாக இருப்பதால் யாருக்கும் பக்கவாதம் என்று தோன்றவில்லை.

பரிசோதனையில்: இடது இமை லேசாக இறங்கி, இடது கண்மணி சிறியது. இடது முகத்தில் ஊசி குத்தினால் மழுங்கல். உடலில் மழுங்கல் வலப்பக்கம், கையிலும் காலிலும். வாயைத் திறந்து "ஆ" சொல்லச் சொன்னால் இடது அண்ணம் எழவில்லை, உள்நாக்கு வலப்பக்கம் இழுபடுகிறது. இடது கையால் மூக்கைத் தொடச் சொன்னால் தவறிப் போகிறது. நாக்கை நீட்டினால் நேராக வருகிறது. கால் விரலை மேலே கீழே அசைத்தால் எந்தப் பக்கம் என்று சரியாகச் சொல்கிறார்.

முதல் கேள்வி, மூளைத்தண்டா? முகம் ஒரு பக்கம், உடல் எதிர்ப்பக்கம். ஸ்பைனோதலாமிக் பாதை தண்டுவடத்திலேயே பக்கம் மாறிவிட்டது, அதனால் இடது முகுளத்தில் அது சுமப்பது வலது உடலை. 5-இன் பாதை இன்னும் மாறவில்லை, அதனால் இடது முகம். இப்படிக் குறுக்கே பிரிந்தால் மூளைத்தண்டைத்தான் முதலில் நினைக்க வேண்டும்.

எந்த மட்டம்? அண்ணமும் குரலும் கெட்டிருக்கின்றன, அதாவது அம்பிகுவஸ். கண் எல்லாத் திசையிலும் போகிறது, முகம் கோணவில்லை, தாடை பலமாக இருக்கிறது. அதனால் நடுமூளையும் பான்ஸும் கழிகின்றன. முகத்து மழுங்கலை வைத்துப் பான்ஸ் என்று சொல்லத் தோன்றும். 5-இன் தூண் முகுளம் வழியாகவும் இறங்குகிறது என்பதை மறந்தால்தான் அந்தத் தவறு நடக்கும்.

நடுவா, ஓரமா? நாக்கு நேர், கைகால் பலம், மூட்டு நிலை சரி. நடுக்கோட்டுப் பட்டை முழுவதும் தப்பித்திருக்கிறது. கெட்டவை எல்லாம் ஓரத்தில் இருப்பவை: வெஸ்டிபுலார், 5-இன் தூண், ஸ்பைனோதலாமிக், சிம்பதெட்டிக், சிறுமூளைக் கட்டு, அம்பிகுவஸ். தாளில் இந்த ஆறையும் வட்டமிட்டு ஒரே கோட்டால் சேர்த்தால், முகுளத்தின் இடது பின்-ஓரத்தில் ஓர் ஆப்பு விழும். வாலன்பெர்க் சிண்ட்ரோம் என்று சொல்வது இதைத்தான். அந்த ஆப்புக்கு ரத்தம் தருவது வெர்டிப்ரல் தமனியும் அதன் கிளையான பின்-கீழ்ச் சிறுமூளைத் தமனியும்.

எல்லா நோயாளியிடமும் ஆறும் இருக்காது. ஆப்பு சின்னதாக இருந்தால் மூன்று நான்குதான் கிடைக்கும். தலைசுற்றலோடு வந்தவரிடம் குரல், விழுங்குதல், ஊசி உணர்வு மூன்றையும் பார்க்காமல் விட்டால் காது நோய் என்று அனுப்பிவிட வாய்ப்புண்டு. அம்பிகுவஸ் கெட்டவருக்குச் சோடாவோ தண்ணீரோ கொடுத்தால் நுரையீரலுக்குள் போகும். விழுங்கும் திறனைச் சோதிக்கும்வரை வாய்வழியாக எதுவும் கூடாது, மாத்திரைகூட. 108-ஐ அழைத்து, ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்துக்கான நாலரை மணி நேரத்துக்குள் கொண்டுபோக வேண்டும். இவர் தூக்கத்திலிருந்து எழுந்தபோதே இப்படி இருந்ததால், கடைசியாக நன்றாக இருந்தது எப்போது என்று வீட்டாரிடம் கேட்டுத்தான் அந்த நேரத்தைக் கணக்கிட முடியும்.

முதல்நாள் சி.டி.யில் எதுவும் தெரியாமல் போவது சகஜம். எம்.ஆர்.ஐ.யின் டிஃப்யூஷன் படம்கூட, இந்தப் பகுதியில், முதல் ஒன்றிரண்டு நாளில் சில சமயம் சுத்தமாகவே இருக்கும். ஸ்கேன் சுத்தம் என்பதற்காக நீங்கள் தாளில் போட்ட ஆப்பை அழித்துவிடாதீர்கள். இரண்டு நாள் கழித்து மறுபடி எடுத்த படத்தில் வெள்ளைப் பொட்டைத் தேடும்போது, தாளில் மேல்-இடப்பக்கம் இருந்த ஆப்பு திரையில் கீழ்-வலப்பக்கம் இருக்கும்.